கீழே காணும் பகுதி காணவில்லை

“வணக்கம் சார். கீழே உள்ளதை இங்கிலீஷில் மொழிபெயர்த்துத் தரவும். நாளைக் காலைக்குள் வேண்டும். மிக அவசரம்.” இதற்குக் கீழே அனுப்பியவரின் பெயர், பதவி, அலுவலக முகவரி, தேவையில்லாமல் அச்செடுக்காதீர்கள் என்று பச்சை எழுத்தில் ஓர் அறிவுரை. மொழிபெயர்க்க வேண்டிய பகுதி மட்டும் எங்கும் இல்லை.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இப்படி வந்த கடிதங்களைப் பற்றிச் சொல்வார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அனுப்பியவர் கவனமில்லாதவர் என்று முடிவுகட்டிவிட்டால், பகுதி எங்கே தொலைந்தது என்று யாரும் தேடுவதில்லை. தேடாததால் அடுத்த தடவையும் அதே இடத்தில் தொலைகிறது. பெரும்பாலும் அனுப்பியவர் தம் பங்குக்கு எல்லாவற்றையும் சரியாகவே செய்திருப்பார். அவருடைய திரையில் அந்தப் பகுதி கண்ணெதிரே இருக்கும். நம் திரையில்தான் இருக்காது.

“கீழே உள்ளதை மொழிபெயர்க்கவும்” என்ற வரியை அவர் கையால் தட்டுகிறார். அந்தக் ‘கீழே உள்ளது’ பெரும்பாலும் தட்டப்படுவதில்லை. கோப்பாகவோ, படமாகவோ, சொடுக்கித் திறக்கும் சுட்டியாகவோ வேறு வழியில் போகிறது. சேர்ந்து கிளம்பிய இரண்டும் சேர்ந்தே வந்துசேரும் என்று எந்த உறுதியும் இல்லை. எங்கெங்கே பிரிந்துபோகும் என்பதை ஒரே வேலையை வைத்துப் பார்க்கலாம். இத்தொழிலில் அடிக்கடி நடக்கிற பலவற்றைச் சேர்த்து நான் அமைத்துக்கொண்ட உதாரணம் இது. ஆனால் இதன் ஒவ்வொரு படியும் யாருக்காவது நடந்துகொண்டேயிருப்பதுதான்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒரு பெண், ஊரில் இருக்கும் தாயை அங்கே நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கிறார். இவர் அந்தத் தாயின் மகள்தான் என்பதற்கு இவருடைய பிறப்புச் சான்று வேண்டும். பிறந்தது 1970களின் பிற்பகுதியில், தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில். பதிவேட்டின் பக்கம் தமிழில், கையெழுத்தில் இருக்கிறது. ஊரில் இருக்கும் அண்ணன் அலைந்து திரிந்து நகலை வாங்கி, ஸ்கேன் எடுத்து, தங்கைக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். தங்கை அந்த மெயிலைத் திறந்து, ரிப்ளை பொத்தானை அழுத்தி, மொழிபெயர்ப்பாளரின் முகவரியையும் சேர்த்து, “கீழே உள்ளதை மொழிபெயர்த்துத் தாருங்கள்” என்று எழுதி அனுப்பினார்.

வந்துசேர்ந்தது அந்த ஒரு வரியும், அதற்குக் கீழே அண்ணன் எழுதியிருந்த “சான்றிதழ் அனுப்பியிருக்கேன்மா, பாரு” என்ற வரியும்தான்.

இங்கே நடந்தது மிகச் சாதாரணமான விஷயம். மின்னஞ்சலை ஃபார்வர்டு செய்தால் அதனுடன் இணைத்த கோப்புகளும் சேர்ந்து போகும். ரிப்ளை செய்தால் போகாது. பதில் எழுதுவது கோப்பை அனுப்பியவருக்குத்தானே, அவரிடம்தான் அது ஏற்கெனவே இருக்கிறதே என்ற கணக்கில் மின்னஞ்சல் நிரல்கள் இப்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. பதில் போகும்போது நடுவில் புதிதாக ஓர் ஆள் சேர்க்கப்படுவார் என்பது அந்தக் கணக்கில் இல்லை. தங்கையின் திரையிலோ ஒரே விஷயம் பற்றிய மெயில்கள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே உரையாடலாகத் தெரிகின்றன. அண்ணனின் மெயில், அதில் இணைத்த கோப்பு, அடியில் தான் எழுதியது. “கோப்பு வரவில்லை” என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னால், “மேலேயே இருக்கே சார், கொஞ்சம் பாருங்க” என்று அவர் சொல்வது பொய்யே இல்லை. இரண்டு பேரும் தத்தம் திரையைப் பார்த்து உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

கோப்பை இணைக்க மறந்துவிட்டால் ஜிமெயில் எச்சரிக்குமே என்று கேட்கலாம். எச்சரிக்கும்தான். ஆனால் அது கடிதத்தில் ‘இணைத்துள்ளேன்’ என்கிற பொருள்படும் சொற்றொடர்கள் இருந்து, கோப்பு இல்லாவிட்டால் மட்டும். ‘கீழே உள்ளது’ என்று எழுதினால், கடிதத்தின் உடலிலேயே கீழே ஏதோ இருக்கும் போல என்று அது பேசாமல் இருந்துவிடும். மொழிபெயர்ப்புக் கோரிக்கைகளில் மக்கள் எழுதுவது பெரும்பாலும் இந்தக் ‘கீழே’தான். பள்ளித் தேர்வில் ‘கீழ்க்காணும் பத்தியை மொழிபெயர்க்க’ என்று படித்துப் பழகிய கை அப்படித்தான் எழுதும்.

வாட்ஸாப்பில் இதே கதை வேறு வேஷத்தில் நடக்கும். அங்கே “கீழே இருக்கிறதை மாத்திக் குடுங்க” என்பது ஒரு செய்தி, அடுத்து வரும் புகைப்படம் இன்னொரு செய்தி. இரண்டும் ஒருவரிடமிருந்து நேராக நமக்கு வந்தால் தொல்லையில்லை. நடுவில் ஒரு மாமா இருந்து, தனக்கு வந்ததை நமக்கு ஃபார்வர்டு செய்கிறார் என்றால், அவர் விரல் ஒரு செய்தியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கும். எழுத்து மட்டும் வரும். அல்லது படம் மட்டும் வந்து, அதை என்ன செய்ய வேண்டும் என்பது வராது.

நம் உதாரணத்துக்குத் திரும்புவோம். இரண்டாவது முறை தங்கை கோப்பையே புதிதாக இணைக்கப் பார்க்கிறார். அண்ணன் ஸ்கேன் எடுத்த கடையில் மிகத் தெளிவாக இருக்கட்டும் என்று பெரிய அளவில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. அதற்கு மேலே போனால் அதுவே கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, மெயிலில் ஒரு சுட்டியை மட்டும் வைக்கும். அந்தச் சுட்டியை யார் திறக்கலாம் என்று அனுமதி கொடுக்க வேண்டியது அனுப்புகிறவர். அனுப்பும் நேரத்தில் அது கேட்கவும் செய்யும், அவசரத்தில் இருப்பவர்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். மொழிபெயர்ப்பாளர் சொடுக்கினால் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வருகிறது. தங்கை சொடுக்கினால் உடனே திறக்கிறது, ஏனென்றால் கணக்கு அவருடையது. மறுபடியும் அதே வாக்குவாதம்: “எனக்கு நல்லாத் திறக்குதே!” இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. உலாவியில் தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல், தான் அனுப்பிய சுட்டியைத் தானே சொடுக்கிப் பார்ப்பது. அங்கே திறந்தால் எவருக்கும் திறக்கும். அதே காரணத்தால் பிறப்புச் சான்று போன்ற ஆவணத்தை அப்படித் திறந்து வைப்பதும் சரியல்ல. மொழிபெயர்ப்பாளரின் மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுப்பதே முறை.

இதற்குள் ஊரில் அண்ணன் பொறுமை இழந்துவிட்டார். “படம் போகலேன்னா என்ன, நான் தட்டச்சு பண்ணியே அனுப்பறேன்” என்று டிடிபி கடைக்குப் போகிறார். கடைக்காரர் கையெழுத்தைப் படித்து, பல வருஷமாகத் தான் பழகிய பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுக்கிறார். கடையின் கணினியில் அது அழகான தமிழ். அதை அப்படியே நகலெடுத்து மெயிலின் உடலில் ஒட்டி அனுப்பியதும், இந்தப் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர் புதியவராக இருந்தால், “ஏதோ குப்பை வந்திருக்கிறது, பகுதி இன்னும் வரவில்லை” என்று பதில் போட்டுவிடுவார். பகுதி வந்துவிட்டது என்பதுதான் உண்மை.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்தவை. கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு என்ற சட்டையைப் போட்டிருப்பதால் தமிழாகத் தெரிகிறது. மெயிலில் போகும்போது சட்டை கழன்றுவிடும். ‘தமிழ்’ என்ற சொல் `jkpo;` என்று தெரியும். அதே சொல் எல்லா இடத்திலும் அதே மாதிரி சிதைந்திருந்தால், சொற்களுக்கு நடுவே இடைவெளியும் சரியாக இருந்தால், பகுதி அப்படியே பத்திரமாக இருக்கிறது என்று பொருள். யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டால் திரும்பக் கிடைத்துவிடும். எந்த எழுத்துரு என்பது தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். வானவில் எழுத்துருவில் அடித்ததைப் பாமினி என்று நினைத்து மாற்றினால் வேறொரு குப்பைதான் வரும். கடைக்காரரிடம் ஒரு போன் போட்டுக் கேட்பது எல்லாக் கருவியையும் விட வேகமானது.

வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால் நிலைமை வேறு. யூனிகோடில் இருக்கும் தமிழை, தமிழுக்கு இடமில்லாத பழைய முறையில் சேமித்தால், ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறி விழும். ‘தமிழ்’ என்பது `?????` ஆகிவிடும். த, ம, இகரத்தின் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், அதனால் ஐந்து கேள்விக்குறிகள். இதை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. பகுதி எவ்வளவு நீளம் என்பதைத் தவிர வேறெதுவும் அந்தக் கோப்பில் மிச்சமில்லை. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. படிக்கிறவரின் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம், வேறொரு கணினியில் திறந்தால் படிக்கலாம். ஆக, ஆங்கில எழுத்துக் குப்பையா, கேள்விக்குறியா, கட்டமா என்று பார்த்துத்தான் பகுதி வந்ததா வரவில்லையா என்று சொல்ல வேண்டும். மூன்றுக்கும் “படிக்க முடியவில்லை, மறுபடி அனுப்பவும்” என்று ஒரே பதிலைப் போட்டால், அண்ணன் மறுபடியும் அதே கடைக்குப் போய் அதே எழுத்துருவில் அடித்து அனுப்புவார்.

கோப்பு திறக்கிறது, கண்ணுக்கு எழுத்தும் தெரிகிறது, ஆனாலும் பகுதி ‘இல்லை’ என்கிற நிலையும் உண்டு. மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் கோப்பை முதலில் ஒரு மென்பொருளில் ஏற்றிச் சொற்களை எண்ணும். விலை அதை வைத்துத்தான். ஸ்கேன் எடுத்த பிடிஎஃப்பை ஏற்றினால், பக்கம் நிறைய எழுத்து இருந்தாலும், எண்ணிக்கை பூஜ்யம் என்று வரலாம். அந்தக் கோப்பில் எழுத்தே கிடையாது, எழுத்தின் புகைப்படம்தான் இருக்கிறது. வேர்டு கோப்பில் நடுநடுவே ஒட்டிய படங்களுக்குள் இருக்கும் வாசகங்களும் இப்படியே கணக்கில் வராமல் நழுவிவிடும். பூஜ்யம் என்று வந்தால் யாராவது கவனிப்பார்கள். ஆயிரம் சொல் உள்ள கோப்பில் எண்ணூறு என்று வந்தால் யார் கவனிப்பார்கள்?

இங்கேதான் இந்த விஷயத்தின் உண்மையான ஆபத்து தொடங்குகிறது என்பது என் கருத்து. பகுதி முழுவதும் விட்டுப்போனால் நஷ்டம் ஒரு நாள்தான். பாதி வந்து, பாதி விட்டுப்போனால், அது யாருக்கும் தெரியாமலேயே வேலை முடிந்துவிடும்.

அண்ணன் கடைசியில் செய்தது அதுதான். டிரைவும் வேண்டாம், டிடிபியும் வேண்டாம் என்று, பதிவேட்டுப் பக்கத்தின் நகலைத் தன் கைபேசியில் இருக்கும் ஸ்கேனர் செயலியால் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினார். படம் பளிச்சென்று இருக்கிறது. அட்டவணையின் கோடுகள் நேராக இருக்கின்றன. பிறந்த தேதி, பாலினம், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த இடம் எல்லாம் படிக்க முடிகிறது. மொழிபெயர்ப்பாளர் நிம்மதியாக வேலையைத் தொடங்கலாம் என்று தோன்றும். ஆனால் இந்தச் செயலிகள் தாளின் விளிம்பைத் தாமே கண்டுபிடித்து வெட்டுகின்றன. பழைய பதிவேட்டில் அட்டவணையின் தடித்த கோட்டையே தாளின் விளிம்பு என்று எடுத்துக்கொண்டு, அதற்கு வெளியே இருக்கும் ஓரத்தை வெட்டித் தள்ளிவிடுவது உண்டு.

வெறும் ஓரம்தானே என்று விட முடியாது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, பதிவில் பிழை இருந்தால் எப்படித் திருத்த வேண்டும் என்று சொல்கிறது. முதலில் எழுதியதை அடிக்கவோ மாற்றவோ கூடாது. பக்கத்தின் ஓரத்தில் திருத்தத்தை எழுதி, பதிவாளர் கையெழுத்திட்டு, தேதி போட வேண்டும். அதாவது, தாயின் பெயர் முதலில் தவறாகப் பதிவாகிப் பிற்பாடு திருத்தப்பட்டிருந்தால், அட்டவணைக்குள் இருப்பது தவறான பெயர், சரியான பெயர் ஓரத்தில் இருக்கும். செயலி வெட்டித் தள்ளியது அந்தச் சரியான பெயரை. இப்போது மொழிபெயர்ப்பாளர் தன் கண்ணில் பட்டதைப் பிழையில்லாமல் மொழிபெயர்த்துக் கொடுப்பார். தாயின் கடவுச்சீட்டில் இருக்கும் பெயரும் இந்த ஆவணத்தில் இருக்கும் பெயரும் பொருந்தாமல் போகும். எங்கே தவறு நடந்தது என்று கண்டுபிடிக்க மாதக்கணக்காகும்.

அமெரிக்கக் குடிவரவு விதி ஒன்று இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளரின் கழுத்தில் கத்தியாகத் தொங்குகிறது. பிற மொழி ஆவணத்துக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அது முழுமையானது, சரியானது என்றும், தமக்கு அந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் தகுதி உண்டு என்றும் மொழிபெயர்ப்பாளர் சான்றளித்துக் கையெழுத்திட வேண்டும். ‘சரியானது’ என்று சொல்ல நம் தமிழும் ஆங்கிலமும் போதும். ‘முழுமையானது’ என்று எதை வைத்துச் சொல்வது? தாளின் நான்கு மூலைகளையும் பின்பக்கத்தையும் பார்க்காமல் அந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட முடியாது. அனுபவமுள்ளவர்கள் அதனால் படம் வந்ததும் எழுத்தைப் படிப்பதில்லை. முதலில் விளிம்பைப் பார்க்கிறார்கள். நான்கு பக்கமும் தாளுக்கு வெளியே மேசையோ தரையோ கொஞ்சம் தெரிகிறதா? தெரிந்தால் தாள் முழுதாக வந்திருக்கிறது. முத்திரையின் வட்டம் பாதியில் நிற்கிறதா? நின்றால் வெட்டுப்பட்டிருக்கிறது. ‘பக்கம் 2’ என்று அச்சாகியிருந்து முதல் பக்கம் இல்லையா? முன்பக்கத்தில் பின்பக்கத்து மை கசிந்து மங்கலாகத் தெரிகிறதா? அப்படியானால் பின்னால் ஏதோ எழுதியிருக்கிறது.

“பின்னாடி ஒண்ணும் இல்ல சார், சும்மா சீல்தான்” என்பார் அண்ணன். “அந்தச் சீலையும் எடுத்து அனுப்புங்கண்ணே” என்பதுதான் பதில். முத்திரையில் இருக்கும் அலுவலகப் பெயரும் தேதியும்கூட மொழிபெயர்க்க வேண்டிய பகுதிதான்.

ஓரமும் பின்பக்கமும் வந்த பிறகு இன்னொரு வெற்றிடம் தென்படுகிறது. ‘குழந்தையின் பெயர்’ என்ற கட்டம் காலியாக இருக்கிறது. மறுபடியும் விட்டுப்போய்விட்டதா? இல்லை. இது அசலிலேயே உள்ள வெற்றிடம். குழந்தை பிறந்ததும் பதிவு செய்துவிடுவார்கள், பெயர் வைப்பது பிறகு நடக்கும், வைத்த பெயரைப் போய்ச் சேர்க்க மறந்துவிடுவார்கள். பெயரில்லாமல் பதிவான பிறப்பில் பிற்பாடு பெயரைச் சேர்க்க அதே சட்டத்தின் 14ஆவது பிரிவு வழி செய்கிறது. அதற்குக் காலவரையும் கட்டணமும் உண்டு. பல பேர் அந்தப் பக்கமே போனதில்லை என்பதால் பழைய பதிவேடுகளில் காலிக் கட்டங்கள் நிறைய.

மொழிபெயர்ப்பாளர் இங்கே செய்யக் கூடாத ஒன்றைத்தான் அண்ணன் கேட்பார்: “அதான் தங்கச்சி பேரு உங்களுக்குத் தெரியுமே, அதுல போட்டுருங்க.” போடக் கூடாது. அந்தக் கட்டத்தில் சதுர அடைப்புக்குள் ‘காலியாக உள்ளது’ என்று ஆங்கிலத்தில் எழுதுவதே மொழிபெயர்ப்பு. படிக்க முடியாத கையெழுத்துக்கு ‘தெளிவில்லை’, முத்திரைக்கு ‘வட்ட முத்திரை’ என்று எழுதுவதைப் போலத்தான் இதுவும். பெயர் வேண்டுமென்றால் பதிவு அலுவலகத்தில் சேர்த்துப் புதிய நகல் வாங்கிவர வேண்டும். அசலில் உள்ள வெற்றிடத்தை வெற்றிடமாகவே கொண்டுபோவதும், வழியில் ஏற்பட்ட வெற்றிடத்தைத் திருப்பிக் கேட்டு நிரப்புவதும் நேரெதிரான வேலைகள். இரண்டையும் பிரித்தறிவதற்கு மொழியறிவு உதவாது, முழுத் தாள் கண்ணில் பட்டால்தான் முடியும்.

திருப்பிக் கேட்காமல் யாரோ எதையோ நிரப்பினால் என்ன ஆகும் என்பதற்கு வேல்ஸ் நாட்டில் ஒரு பெயர்பெற்ற உதாரணம் இருக்கிறது. அங்கே சாலைப் பலகைகள் ஆங்கிலத்திலும் வெல்ஷ் மொழியிலும் இருக்க வேண்டும். 2008இல் ஸ்வான்சி நகர மன்றம் கனரக வாகனங்கள் உள்ளே வரக் கூடாது என்ற பலகைக்காக மொழிபெயர்ப்பாளருக்கு ஆங்கில வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்பியது. உடனே வெல்ஷ் மொழியில் பதில் வந்தது. அதை அப்படியே பலகையில் பொறித்துச் சாலையோரத்தில் நட்டுவிட்டார்கள். வெல்ஷ் படிக்கத் தெரிந்தவர்கள் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதில் எழுதியிருந்தது, “நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியவை இருந்தால் அனுப்புங்கள்” என்பது. விடுப்பில் போனவரின் கணினி தானாக அனுப்பிய பதில் அது.

இது நம் விஷயத்தின் மறுபக்கம். இங்கே கோரிக்கையோடு பகுதி போயிருந்தது, பதிலில் மொழிபெயர்ப்பு இல்லை. ஆனால் கோளாறு ஒன்றுதான். மொழிபெயர்ப்பு இருக்க வேண்டிய இடத்தில், எதிர்பார்த்த மொழியில், எதிர்பார்த்த நீளத்தில் ஏதோ ஒன்று இருந்தது. அதைப் படிக்கக் கூடியவர் அந்த அறையில் இல்லை. மொழிபெயர்ப்பைக் கேட்கிறவருக்கு இரண்டில் ஒரு மொழி தெரியாது என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. அதனால்தான் அவரால் வெற்றிடத்தையும் கண்டுபிடிக்க முடிவதில்லை, தவறாக நிரப்பியதையும் கண்டுபிடிக்க முடிவதில்லை. அந்த வேலை இரண்டையும் படிக்கத் தெரிந்தவருடைய தலையில்தான் விழும்.

வேண்டுமென்றே பகுதியை அனுப்பாதவர்களும் உண்டு. “ஒரு பக்கத்துக்கு எவ்வளவு சார்? ரேட்டை மட்டும் சொல்லுங்க, பாத்துட்டு அனுப்பறேன்.” இவர்களில் பெரும்பாலோர் விலை விசாரிக்கிற நல்லவர்கள்தான். ரகசிய ஆவணம் என்பதால் தயங்குகிறவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் எந்த வகை ஆவணம், எத்தனை பக்கம், கையெழுத்தா அச்சா, எதற்காக என்று கேட்டு, உத்தேச விலையைச் சொல்லி, பார்த்த பிறகே உறுதி என்று சேர்த்துச் சொல்லலாம். ஆனால் ஒருவகைக் கடிதத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்று சொல்லாமல், பெரிய வேலை, முன்பணம் காசோலையாக அனுப்புகிறேன் என்று வெளிநாட்டிலிருந்து வருவது. பேசியதைவிடக் கூடுதலான தொகைக்குக் காசோலை வரும், மிச்சத்தை உடனே திருப்பி அனுப்புங்கள் என்பார்கள். நாம் அனுப்பிய பணம் போன பிறகு காசோலை செல்லாமல் திரும்பும். மொழிபெயர்ப்பாளர்களைக் குறிவைத்து உலகம் முழுக்கப் பல வருஷமாக நடக்கிற மோசடி இது. சில சமயம் எங்கிருந்தோ எடுத்த ஒரு கட்டுரையையும் இணைத்து அனுப்புவார்கள் என்பதால், பகுதி வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து நம்பிவிடவும் முடியாது.

சரி, ஒன்றுமில்லாத கோரிக்கை வந்தால் என்ன பதில் எழுதுவது? “எதுவும் வரவில்லை” என்று எழுதினால் போதாது என்பதை மேலே பார்த்தோம். அனுப்பியவரின் திரையில் அது இருப்பதால் அவர் நம்ப மாட்டார். தமக்கு என்ன வந்தது என்பதைச் சொல்வதே பலன் தருகிறது: “உங்கள் மெயிலில் உங்கள் இரண்டு வரியும், கீழே உங்கள் அண்ணன் எழுதிய ஒரு வரியும் இருக்கின்றன. கோப்பு ஒன்றும் இல்லை. அண்ணன் அனுப்பிய மெயிலைத் திறந்து, ரிப்ளைக்குப் பதிலாக ஃபார்வர்டு கொடுங்கள்.” இப்படி எழுதினால் அவருக்கு எங்கே பிசகியது என்று தெரிந்துவிடும். கூடவே ஒரு வரி: “முழுப் பகுதியும் கைக்கு வந்த நேரத்திலிருந்து ஒரு வேலை நாளில் முடித்துத் தருகிறேன்.” இதைச் சொல்லாவிட்டால், முதல் வெற்று மெயில் வந்த நேரத்திலிருந்தே கெடு ஓடுவதாக அவர் எண்ணிக்கொள்வார். பதிலை உடனே அனுப்புவதும் முக்கியம். மாலை ஆறு மணிக்கு வந்த மெயிலை மறுநாள் காலை திறந்து பார்த்து “கோப்பு இல்லை” என்றால், அங்கே அவர் இரவெல்லாம் மொழிபெயர்ப்பு நடந்துகொண்டிருப்பதாக நம்பி உட்கார்ந்திருப்பார்.

அனுப்புகிறவர் பக்கத்திலும் ஒரு பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். அரசு அலுவலகக் கடிதங்களில் ‘பொருள்’, ‘பார்வை’ என்று மேலே இருப்பதைப் போல, அடியில் ‘இணைப்பு’ என்று ஒரு வரி இருக்கும். எத்தனை தாள் கூட வருகிறது என்பதை அதில் எழுதிவிடுவார்கள். கவரைப் பிரிக்கிற எழுத்தர் அந்த வரியைப் படித்து, தாள்களை எண்ணி, குறைந்தால் கடிதத்தின் மேலேயே குறித்துவிடலாம். அவருக்குக் கடிதத்தின் விஷயம் புரிய வேண்டிய தேவைகூட இல்லை. மின்னஞ்சல் வந்ததும் அந்த வரி காணாமல் போய்விட்டது. கோப்பு கூடவே ஒட்டிக்கொண்டு வரும்போது எதற்குத் தனியாக எழுதுவது என்று விட்டுவிட்டோம்.

நம் உதாரணத்தில் அண்ணனின் கடைசி மெயில் இப்படி வந்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் யாரையும் எதையும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்காது: “இணைப்பு: பிறப்புப் பதிவேட்டு நகல், ஒரு தாள், முன்பக்கம் பின்பக்கம் சேர்த்து 2 படம். முன்பக்கத்தில் இடது ஓரத்தில் திருத்தம் உள்ளது. பெயர்க் கட்டம் அசலிலேயே காலி.”